கால் ஆப்ஷன், புட் ஆப்ஷன்: வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது, விற்பவர் எதை ஏற்கிறார்?

ஆப்ஷன்களைப் பற்றி முதன்முறையாகக் கேட்பவர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களிலும் ஒரே கற்பனைப் பங்குதான் வரும். எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் விலைகளை வெறும் எண்களாகவே தருகிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றை நம்பி நிற்கின்றன. ஆகவே முதல்முறை படிப்பவர்கள் வரிசையாகவே படித்துச் செல்வது நல்லது.

1. கால் ஆப்ஷன், புட் ஆப்ஷன் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கால் ஆப்ஷன் என்பது, ஒரு பங்கை முன்கூட்டியே பேசி முடித்த விலைக்கு, குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமை. புட் ஆப்ஷன் என்பது, அதேபோல் பேசி முடித்த விலைக்கு, குறிப்பிட்ட நாளுக்குள் விற்றுக்கொள்ளும் உரிமை. பேசி முடித்த அந்த விலைக்கு ஸ்ட்ரைக் விலை என்றும், உரிமை முடியும் நாளுக்குக் காலாவதி நாள் என்றும், உரிமைக்காக வாங்குபவர் கொடுக்கும் தொகைக்குப் பிரீமியம் என்றும் பெயர். இந்த மூன்றும் தெரிந்தால் இந்தப் பக்கம் முழுவதையும் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் உரிமை என்பது கதையின் ஒரு பாதிதான். ஒருவர் கையில் உரிமை இருக்கிறது என்றால், அதை நிறைவேற்றித் தரும் கடமை இன்னொருவர் தலையில் இருக்கிறது என்று பொருள். கால் ஆப்ஷனை விற்றவர், வாங்கியவர் கேட்டால் ஸ்ட்ரைக் விலைக்குப் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். புட் ஆப்ஷனை விற்றவர், வாங்கியவர் கொண்டுவந்து நீட்டினால் ஸ்ட்ரைக் விலைக்குப் பங்கை வாங்கியே ஆக வேண்டும். கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் எப்போதும் வாங்கியவர்தான். விற்றவருக்கு அந்த முடிவில் எந்தச் சொல்லும் இல்லை.

2. பிரீமியம் என்பது அட்வான்ஸ் மாதிரியா? பிறகு பங்கை வாங்கும்போது கழித்துக்கொள்வார்களா?

கழிக்க மாட்டார்கள். அட்வான்ஸ் என்பது பொருளின் விலையில் ஒரு பகுதி. பிரீமியம் என்பது உரிமைக்கே உரிய விலை. ஆப்ஷன் கைமாறும்போதே அது விற்றவருக்குச் சேர்ந்துவிடுகிறது. வாங்கியவர் உரிமையைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் திரும்பி வருவதில்லை. உரிமையைப் பயன்படுத்தும் நாளில் ஸ்ட்ரைக் விலையை முழுதாகத் தனியே கொடுக்க வேண்டும்.

3. கால் ஆப்ஷனை எண்களோடு விளக்க முடியுமா? யாருக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் புரியும்.

ஒரு பங்கு இன்று 200-க்கு விற்கிறது. இரண்டு மாதத்தில் காலாவதியாகும், 210 ஸ்ட்ரைக் விலை கொண்ட கால் ஆப்ஷனின் பிரீமியம் பங்கு ஒன்றுக்கு 6. ஓர் ஒப்பந்தத்தில் 100 பங்குகள் அடக்கம் என்று கொள்வோம். சந்தையைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். வாங்குபவர் இன்று 600 கொடுக்கிறார். விற்பவர் அந்த 600-ஐப் பெற்றுக்கொள்கிறார். இரண்டு மாதம் கழித்து என்னவாகிறது என்பதை மூன்று நிலைகளில் பார்ப்போம்.

பங்கு 190-ல் முடிந்தால், சந்தையில் 190-க்குக் கிடைப்பதை 210 கொடுத்து யாரும் வாங்கப் போவதில்லை. உரிமை மதிப்பின்றிக் காலாவதியாகிறது. வாங்கியவருக்கு 600 நஷ்டம், விற்றவருக்கு 600 லாபம். பங்கு 120-க்கே வீழ்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பங்கு 240-ல் முடிந்தால், வாங்கியவர் 210 கொடுத்து 240 பெறுமான பங்கைப் பெறுகிறார். பங்குக்கு 30 வீதம் 3,000. கொடுத்த 600-ஐக் கழித்தால் 2,400 லாபம். விற்றவர் 240 பெறுமான பங்கை 210-க்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் அவருக்கு 3,000 போகிறது. வாங்கிய 600-ஐச் சேர்த்துப் பார்த்தால் 2,400 நஷ்டம்.

இரண்டுக்கும் நடுவே 216 என்ற விலை இருக்கிறது. அங்கே பங்குக்குக் கிடைக்கும் 6, கொடுத்த 6-க்குச் சரியாகப் போய்விடுவதால் இருவருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. தரகுக் கட்டணத்தையும் வரியையும் தள்ளிவைத்தால், காலாவதி நாளில் ஒருவர் பெறும் ஒவ்வொரு காசும் மற்றவர் இழந்த காசுதான்.

4. பங்கு 213-ல் முடிந்தால் எப்படியும் நஷ்டம்தானே? பிறகு எதற்காக உரிமையைப் பயன்படுத்த வேண்டும்?

பயன்படுத்தினால் நஷ்டம் பாதியாகக் குறையும் என்பதற்காக. விலை 213 என்றால் உரிமைக்குப் பங்கு ஒன்றுக்கு 3 மதிப்பு இருக்கிறது. 100 பங்குக்கு 300. பயன்படுத்தினால் அந்த 300 கிடைத்து 600 நஷ்டத்தில் பாதி ஈடாகிறது, பயன்படுத்தாவிட்டால் 600-ம் போகிறது. கொடுத்த பிரீமியம் எந்த முடிவிலும் திரும்பாது என்பதால், உரிமையைப் பயன்படுத்துவதா என்ற கேள்வியில் அதற்கு இடமே இல்லை. சந்தை விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

இரண்டு எல்லைகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக் விலையான 210, உரிமைக்கு மதிப்பு பிறக்கும் இடம். சமநிலை விலையான 216, முழுக் கணக்கில் லாபம் தொடங்கும் இடம். இவ்விரண்டுக்கும் இடையே முடியும் ஆப்ஷன், வாங்கியவருக்கு நஷ்டமாக இருந்தும் பயன்படுத்தத் தக்கது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

5. என்னிடம் பங்கே இல்லை. விற்கும் உரிமையை, அதாவது புட் ஆப்ஷனை, வாங்கி நான் என்ன செய்வேன்?

அதே பங்கில் 190 ஸ்ட்ரைக் கொண்ட, இரண்டு மாதப் புட் ஆப்ஷனின் பிரீமியம் 5 என்போம். ஓர் ஒப்பந்தத்துக்கு 500 கொடுக்கிறீர்கள். பங்கு 150-க்கு இறங்கினால், சந்தையில் 150-க்கு வாங்கி, உங்கள் உரிமையைக் காட்டி 190-க்குக் கொடுக்கலாம். பங்குக்கு 40 வீதம் 4,000; பிரீமியத்தைக் கழித்தால் 3,500 லாபம். நடைமுறையில் பலர் இந்தச் சுற்றுக்கே போவதில்லை. 40 மதிப்புள்ளதாகிவிட்ட அந்தப் புட் ஆப்ஷனையே சந்தையில் விற்றுவிடுகிறார்கள். பங்கு 190-க்கு மேல் முடிந்தால் 500 போகும், அதற்கு மேல் ஒன்றும் போகாது. சமநிலை விலை 185.

பங்கு ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இதே புட் ஆப்ஷன் வேறு வேலை செய்கிறது. 200-க்கு வாங்கிய 100 பங்குகளை வைத்திருப்பவர் இந்தப் புட்டையும் வாங்கினால், விலை எவ்வளவு வீழ்ந்தாலும் காலாவதி வரை 190-க்கு விற்கும் வழி அவருக்குத் திறந்திருக்கிறது. பங்கில் 10, பிரீமியத்தில் 5 என்று பங்குக்கு 15-க்கு மேல் அவருக்கு நஷ்டம் வராது. வாகனக் காப்பீட்டைப் போல, விபத்து நேராவிட்டால் கட்டிய தொகை போய்விடும். நேர்ந்தால் எங்கே நஷ்டம் நிற்கும் என்பது முன்பே தெரியும்.

6. புட்டை வாங்கினாலும் விலை இறங்கினால் லாபம், காலை விற்றாலும் விலை இறங்கினால் லாபம். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்பேன். விலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இருவரும் விரும்புகிறார்களோ அது ஒன்றாக இருக்கலாம். கையில் இருப்பது ஒன்றல்ல. புட்டை வாங்கியவர் கையில் இருப்பது உரிமை. காலை விற்றவர் ஏற்றிருப்பது கடமை.

நம் எண்களையே பொருத்திப் பாருங்கள். பங்கு 150-க்கு இறங்கினால், புட்டை வாங்கியவருக்கு 3,500 லாபம். காலை விற்றவருக்கு 600 மட்டும். பங்கு 100-க்கே போனால் முதலாமவரின் லாபம் 8,500 ஆகிறது. இரண்டாமவருக்கு அதே 600. இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். பங்கு 280-க்கு ஏறினால் புட்டை வாங்கியவருக்கு நஷ்டம் 500-உடன் நின்றுவிடுகிறது. காலை விற்றவருக்கோ பங்குக்கு 70 வீதம் 7,000 போய், வாங்கிய 600 கழிந்து, 6,400 நஷ்டம். பங்கு அசையாமல் 200-லேயே நின்றால் நிலைமை தலைகீழாகிறது: காலை விற்றவர் 600-ஐ முழுதாக வைத்துக்கொள்கிறார், புட்டை வாங்கியவர் 500-ஐ முழுதாக இழக்கிறார்.

ஆகவே புட்டை வாங்குபவருக்கு வேண்டியது, விலை போதிய அளவு இறங்குவது. அதுவும் காலாவதிக்குள் இறங்குவது. காலை விற்பவருக்கு வேண்டியது, விலை ஏறாமல் இருப்பது. புட்டை விற்பதற்கும் காலை வாங்குவதற்கும் உள்ள வேறுபாடும் இதே போன்றதுதான்: முதலாமவருக்கு விலை இறங்காமல் இருந்தால் போதும், இரண்டாமவருக்கு விலை ஏறியே தீர வேண்டும். 'சந்தை ஏறும் என்று நினைக்கிறேன், எந்த ஆப்ஷன்?' என்று கேட்பவரிடம், வாங்கவா விற்கவா என்பதையும் சேர்த்துக் கேட்காமல் பதில் சொல்லக் கூடாது.

7. விற்பவருக்கு லாபம் வெறும் பிரீமியம், நஷ்டமோ பெரிதாகலாம் என்றால் யார்தான் விற்பார்கள்?

லாபத்தின் அளவை மட்டும் பார்த்தால் இந்த வியப்பு நியாயமானது. ஆனால் அது எவ்வளவு அடிக்கடி கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 3-ஆம் பதிலில் விற்றவர், விலை இறங்கினாலும், அப்படியே இருந்தாலும், 216-க்குக் கீழே கொஞ்சம் ஏறினாலும் லாபத்தில்தான் இருக்கிறார். வாங்கியவருக்கு இரண்டு மாதத்துக்குள் 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் தேவைப்படுகிறது. பல முறை சிறிய தொகையைப் பெற்று, சில முறை பெரிய தொகையைக் கொடுப்பது விற்பவரின் நிலை. பல முறை சிறிய தொகையை இழந்து, சில முறை பெரிய தொகையைப் பெறுவது வாங்குபவரின் நிலை. பிரீமியம் எந்த இடத்தில் நின்றால் இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கமும் தன்னளவில் புத்திசாலித்தனமான பக்கம் அல்ல.

இன்னொரு வகை விற்பவரும் உண்டு. 200-க்கு வாங்கிய 100 பங்குகள் கையில் இருக்க, 210 காலை 6-க்கு விற்கிறார். பங்கு 240-க்கு ஏறினால், கையில் உள்ள பங்கையே 210-க்குக் கொடுத்துவிடுவார். பங்குக்கு 10-ம் பிரீமியம் 6-ம் சேர்ந்து 16 லாபம், அதற்கு மேல் இல்லை. ஏற்றத்தின் மிச்சம் 24 அவர் கையை விட்டுப் போகிறது. ஆனால் இவரைப் பாதுகாப்பானவர் என்று எண்ணிவிடக் கூடாது: பங்கு 150-க்கு வீழ்ந்தால் 50 இழப்பில் 6 மட்டுமே ஈடாகி, 44 நஷ்டமாக நிற்கும். மேல்பக்கத்தின் ஆபத்துதான் தீர்ந்தது, கீழ்ப்பக்கத்தின் ஆபத்து அப்படியே இருக்கிறது.

8. 'கால் விற்றவருக்கு நஷ்டம் எல்லையற்றது' என்கிறார்கள். அது ஏட்டளவில்தானே? எந்தப் பங்கு ஒரேயடியாக அப்படி ஏறும்?

ஏறியிருக்கிறது. 2008 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை, ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் பங்கு 210 யூரோவை ஒட்டி முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போர்ஷே நிறுவனம், தன்னிடம் 42.6 சதவீதப் பங்குகள் இருப்பதாகவும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷன்கள் வைத்திருப்பதாகவும் அறிவித்தது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் ஏற்கெனவே சுமார் 20 சதவீதம் இருந்ததால், சந்தையில் எஞ்சியது 6 சதவீதத்தை ஒட்டியதுதான். பங்கைக் கடன் வாங்கி விற்றிருந்தவர்கள் திருப்பிக் கொடுக்கப் பங்கு கிடைக்காமல் எந்த விலைக்கும் வாங்க முற்பட்டார்கள். 28-ஆம் தேதி வர்த்தகத்தின் நடுவே விலை 1,000 யூரோவைத் தாண்டியது.

கையில் பங்கு இல்லாமல் கால் விற்றவரின் நிலையும் இவர்களுடையதைப் போன்றதுதான். அவரும் தன்னிடம் இல்லாத பங்கை ஒரு நிலையான விலைக்குத் தருவதாக ஒப்புக்கொண்டவர். விலைக்கு மேல் எல்லை இல்லாததால் அவருடைய நஷ்டத்துக்கும் மேல் எல்லை இல்லை.

9. அப்படியானால் புட் விற்றவருக்கும் எல்லை கிடையாதா?

பங்கைப் பொறுத்தவரை அவருக்கு எல்லை உண்டு, ஏனெனில் பங்கின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. 5-ஆம் பதிலின் 190 புட்டை விற்றவருக்கு மிக மோசமான முடிவு, நிறுவனம் திவாலாகிப் பங்கு ஒன்றுமில்லாமல் போவது. அப்போது 19,000 கொடுத்து மதிப்பற்ற பங்குகளை வாங்க வேண்டும். பெற்ற 500-ஐக் கழித்தால் நஷ்டம் 18,500. எல்லை இருக்கிறது என்பதால் சிறியது என்று ஆகிவிடாது: 500 வாங்குவதற்காக 18,500-ஐ அவர் பணயம் வைத்திருக்கிறார்.

பங்கல்லாத சரக்குகளில் இந்தப் பூஜ்யம் என்ற தரையைக்கூட நம்ப முடியாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாதத்தில் சரக்கை ஒப்படைப்பதற்கான ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம், பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சேமிக்க இடமில்லாத எண்ணெயைக் கையிலிருந்து தள்ளிவிடவே பணம் கொடுக்க வேண்டிய நிலை அது.

10. விலை பெரிதாக ஏறிவிட்டால் விற்றவர் ஓடிவிட மாட்டாரா? என் உரிமைக்கு யார் பொறுப்பு?

சந்தையில் பட்டியலிடப்பட்ட ஆப்ஷன்களில் உங்களுக்கு எதிரே நிற்பவர் அந்த விற்பவர் அல்ல. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே கிளியரிங் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு நுழைந்து, வாங்குபவருக்கு விற்பவராகவும் விற்பவருக்கு வாங்குபவராகவும் தானே ஆகிவிடுகிறது. உங்கள் உரிமையை அது நிறைவேற்றுகிறது. விற்றவரிடமிருந்து வசூலிப்பது அதன் வேலை.

அதற்காகத்தான் விற்பவரிடம் மார்ஜின் என்ற பிணைத் தொகை கேட்கப்படுகிறது. விலை அவருக்கு எதிராக நகர நகர அந்தத் தொகை கூடிக்கொண்டே போகும். கேட்ட நேரத்தில் கட்டாவிட்டால், தரகர் அவருடைய ஆப்ஷனை அன்றைய விலைக்கே முடித்துவிடலாம். விற்றவர்கள் பலர் வீழ்வது இங்கேதான். காலாவதி நாளில் விலை திரும்பி வந்து, விற்றவரின் கணிப்பே சரியாக இருந்திருக்கலாம். ஆனால் நடுவில் மார்ஜின் கட்டப் பணம் இல்லாமல் போனால், அந்த நாளைக் காண அவர் ஆட்டத்தில் இருக்க மாட்டார். முழுப் பிரீமியத்தையும் கொடுத்து வாங்கியவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

11. பங்கின் விலை ஏறியது, ஆனால் நான் வாங்கிய கால் ஆப்ஷனின் விலை இறங்கிவிட்டது. இது எப்படி?

நீங்கள் கொடுத்த 6-ஐப் பிரித்துப் பாருங்கள். வாங்கிய அன்று பங்கு 200, ஸ்ட்ரைக் 210. அந்த நொடியில் உரிமைக்கு நேரடி மதிப்பு எதுவும் இல்லை. முழு 6-ம், வரும் இரண்டு மாதத்தில் விலை 210-ஐத் தாண்டிப் போகலாம் என்ற வாய்ப்புக்கான விலை. நாள் குறையக் குறைய அந்த வாய்ப்பும் குறைகிறது. ஐந்து வாரம் கழித்துப் பங்கு 204-க்கு வந்திருக்கலாம். ஆனால் மிச்சம் மூன்று வாரம்தான் இருப்பதால் அதே ஆப்ஷன் 3.50-க்குக் கைமாறுவது இயல்பே. நீங்கள் நினைத்த திசையில்தான் பங்கு போனது, உங்கள் நேரத்தை விட மெதுவாகப் போனது.

இதே விளைவு ஒரே இரவிலும் வரலாம். காலாண்டு முடிவு போன்ற அறிவிப்புக்கு முன், பங்கு எந்தப் பக்கமாவது பெரிதாகத் துள்ளும் என்ற எதிர்பார்ப்பு பிரீமியத்தை உயர்த்தி வைத்திருக்கும். அறிவிப்பு வந்து, பங்கு சற்றே ஏறி அடங்கிவிட்டால், துள்ளும் என்ற எதிர்பார்ப்புக்குக் கொடுத்த பகுதி உடனே கரைந்துவிடும். அடையாளம் காண்பது எளிது: கால், புட் இரண்டின் பிரீமியமும் ஒருசேர இறங்கியிருந்தால், காரணம் திசையல்ல, இந்தக் கரைவுதான்.

வாங்கியவரிடமிருந்து கரைந்தது விற்றவருக்குச் சேர்ந்திருக்கிறது. விற்பவர் பல முறை பெறும் சிறிய தொகை என்று 7-ஆம் பதிலில் சொன்னது இப்படித்தான் சேர்கிறது.

12. காலாவதி நாள் வரை காத்திருக்க வேண்டுமா? நடுவிலேயே உரிமையைப் பயன்படுத்தலாமா?

அது ஆப்ஷனின் வகையைப் பொறுத்தது. அமெரிக்க வகை ஆப்ஷனில் காலாவதிக்குள் எந்த வர்த்தக நாளிலும் பயன்படுத்தலாம். ஐரோப்பிய வகையில் காலாவதி நாளில் மட்டும். இந்தப் பெயர்களுக்கும் அந்தந்த நிலப்பகுதிகளுக்கும் இன்று தொடர்பில்லை. எந்த நாட்டுச் சந்தையிலும் இரண்டில் எதுவும் இருக்கலாம்.

உரிமையைப் பயன்படுத்துவது வேறு, ஆப்ஷனை விற்றுவிடுவது வேறு. எந்த வகையானாலும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் ஆப்ஷனைச் சந்தையில் விற்று வெளியேறலாம்; பெரும்பாலும் அதுவே லாபமும்கூட. பங்கு 222-க்கு ஏறி, இன்னும் ஒரு மாதம் மிச்சமிருக்க, உங்கள் 210 கால் 15-க்கு விற்கிறது என்போம். உரிமையைப் பயன்படுத்தினால் கிடைப்பது 12. ஆப்ஷனை விற்றால் கிடைப்பது 15. நடுவே உள்ள 3, மிச்சமிருக்கும் ஒரு மாதத்தின் விலை. பயன்படுத்தினால் அதை வீசி எறிகிறீர்கள். கால் ஆப்ஷனை முன்கூட்டியே பயன்படுத்தப் பொருத்தமான காரணம் பொதுவாக ஒன்றுதான்: பங்குக்கு டிவிடெண்ட் வரப்போகிறது, ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது என்னும் நிலை.

13. நான் வாங்கிய கால் ஆப்ஷனை விற்றால், நானும் 'விற்றவர்' ஆகிவிடுவேனா? அந்தக் கடமை என் தலையில் விழுமா?

விழாது. கையில் இருக்கும் ஓர் ஒப்பந்தத்தை விற்பது, இருக்கும் உரிமையை வேறொருவருக்குக் கைமாற்றுவது. கணக்கு பூஜ்யமாகிறது, கடமை எதுவும் மிஞ்சுவதில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் விற்கத் தொடங்குபவர்தான் புதிய கடமையை உருவாக்குகிறார். இதை ஆப்ஷன் எழுதுதல் என்றும் சொல்வார்கள். அவர் அதிலிருந்து விடுபட, அதே ஸ்ட்ரைக், அதே காலாவதி கொண்ட ஆப்ஷனை அன்றைய விலைக்குத் திரும்ப வாங்க வேண்டும்.

எண்ணிக்கையில் கவனமாக இருங்கள். ஓர் ஒப்பந்தம் வைத்திருப்பவர் தவறுதலாக இரண்டை விற்றுவிட்டால், முதலாவது அவர் உரிமையை முடிக்கும். இரண்டாவது அவரைப் புதிய கால் விற்பனையாளர் ஆக்கும். விற்ற உடனே நிலைப் பட்டியலைத் திறந்து பார்த்து, எண்ணிக்கை பூஜ்யமா மைனஸா என்று உறுதிசெய்வது அரை நிமிட வேலை.

14. வாங்கியவருக்கு அதிகபட்ச நஷ்டம் பிரீமியம்தான் என்றால், காலாவதி நாளில் அவர் நிம்மதியாக மறந்துவிடலாமா?

மறக்கக் கூடாது. மதிப்புள்ள ஆப்ஷன்களைக் காலாவதி நாளில் தானாகவே பயன்படுத்திவிடும் விதி பல சந்தைகளில் இருக்கிறது. தனிப் பங்கின் மேல் அல்லாமல் பங்குச் சந்தைக் குறியீட்டின் மேல் அமைந்த குறியீட்டு ஆப்ஷன்கள் பெரும்பாலும் வித்தியாசத் தொகையை மட்டும் பணமாகத் தீர்க்கும். அங்கே சிக்கல் இல்லை. ஆனால் பங்கையே கொடுத்து வாங்கித் தீர்க்கும் ஆப்ஷனில், 4-ஆம் பதிலின் 213 நிலையில் மறந்துவிட்டவர், மறுநாள் 21,000 கொடுத்து 100 பங்குகளை வாங்க வேண்டியவராகக் கண் விழிப்பார். அவர் முதலில் போட்டதோ 600.

அந்தப் பங்குகள் அடுத்த நாள் 195-ல் தொடங்கினால், 100 பங்குக்கு 1,500 போகும். இது பிரீமியத்துக்கு மேற்பட்ட நஷ்டம். ஆப்ஷன் வாங்கியவரின் நஷ்டம் பிரீமியத்தோடு நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அது ஆப்ஷன் ஆப்ஷனாக இருக்கும் வரை மட்டுமே உண்மை. உரிமை பயன்படுத்தப்பட்ட நொடியிலிருந்து நீங்கள் பங்குதாரர். பங்கை வாங்கும் எண்ணமோ பணமோ இல்லாதவர், காலாவதிக்கு முன்பே ஆப்ஷனை விற்று வெளியேறிவிட வேண்டும். தீர்வு பணமாகவா பங்காகவா என்பது ஒப்பந்த விவரத்தில் எழுதியிருக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் வரி அதுதான்.

15. ஒரே ஸ்ட்ரைக்கில் காலை வாங்கி, புட்டை விற்றால் செலவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் இலவச லாபமா?

செலவு ஏறத்தாழ இல்லை என்பது சரி, இலவசம் என்பது தவறு. நம் பங்கில், 200 ஸ்ட்ரைக் இரண்டு மாதக் கால் 10.50, புட் 9.50 என்போம். காலை வாங்கி, புட்டை விற்றால் பங்குக்கு 1 மட்டுமே கையிலிருந்து போகிறது. பங்கு 240-ல் முடிந்தால் கால் 40 தரும். 1 கழிந்து 39 லாபம். 150-ல் முடிந்தால் கால் ஒன்றும் தராது, விற்ற புட்டோ 50 கேட்கும். மொத்தம் 51 நஷ்டம்.

இப்போது இன்னொருவர், ஆண்டுக்கு 3 சதவீத வட்டிக்கு 200 கடன் வாங்கி அதே பங்கை வாங்கினார் என்று கொள்ளுங்கள். இரண்டு மாத வட்டி 1. பங்கு 240 ஆனால் அவருக்கு 39 லாபம், 150 ஆனால் 51 நஷ்டம். டிவிடெண்ட் இல்லாத பங்கில் இரு கணக்கும் காசு பிசகாமல் ஒன்றுதான். வாங்கிய கால் ஏற்றத்தின் உரிமையைத் தந்தது, விற்ற புட் இறக்கத்தின் கடமையைத் தந்தது; இரண்டும் சேர்ந்தால் கடனில் வாங்கிய பங்கு. காலுக்கும் புட்டுக்கும் இடையே உள்ள 1 அந்த வட்டிதான். அது 3 ஆக விரிந்தால், எதிர்ப்பக்கம் சென்று காலை விற்று, புட்டையும் பங்கையும் வாங்கி, விலை எங்கே போனாலும் மிச்சத்தை எடுத்துக்கொள்ள ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் அது விரிந்தே நிற்பதில்லை.

7-ஆம் பதிலில் கையில் பங்கு வைத்துக்கொண்டு 210 காலை விற்றவரையும் இதே கண்ணோடு பாருங்கள். மேலே லாபம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, கீழே நஷ்டம் பங்கோடு சேர்ந்து இறங்குகிறது. வட்டியைக் கணக்கில் கொண்டால், அவர் நிலைக்கும் அதே 210 ஸ்ட்ரைக் புட்டை விற்றவரின் நிலைக்கும் வேறுபாடே இல்லை. 'நான் கால்தான் விற்கிறேன், புட் விற்பது ஆபத்து' என்று சொல்பவர், தான் சொல்லும் அந்த ஆபத்தை ஏற்கெனவே ஏற்றிருக்கிறார்.